கிரிப்டோ அனுப்பினால் பெயரும் கூடவே போகும்: 'டிராவல் ரூல்' எப்படி வேலை செய்கிறது?

கிரிப்டோ என்றாலே பெயர், ஊர் எதுவும் தெரியாமல் பணம் அனுப்பலாம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அரசிடம் பதிவு செய்த ஒரு வர்த்தகத் தளத்திலிருந்து இன்னொரு பதிவு பெற்ற தளத்துக்கு அனுப்பும்போது அது நடக்காது. நாணயம் பிளாக்செயின் வழியாகப் போகும். அனுப்புபவர், பெறுபவர் விவரம் தனி வழியில் போகும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பணம் நடுவில் நிற்கும். அப்படி நிற்பதற்கு நம்ம ஊர்க்காரர்களுக்கு ஒரு இனிஷியலே போதும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். கள்ளக்குறிச்சி மாவட்டம் ரிஷிவந்தியத்தைச் சேர்ந்தவர் முருகன் என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிட்டார். அங்குள்ள ஒரு தளத்தில் அவர் கணக்கில் 2,000 யு.எஸ்.டி.டி. இருக்கிறது. இது டாலர் மதிப்போடு கட்டப்பட்ட நாணயம். அதை இந்தியத் தளம் ஒன்றில் உள்ள தன் சொந்தக் கணக்குக்கு மாற்ற நினைக்கிறார்.

பிளாக்செயினில் பெயர் கிடையாது

யு.எஸ்.டி.டி.யை டிரான் பிளாக்செயினில் அனுப்பினால், T என்ற எழுத்தில் தொடங்கும் 34 எழுத்துகள் கொண்ட இரண்டு முகவரிகள், தொகை, நேரம் ஆகியவை உலகத்துக்கே தெரியும். முருகன் என்ற பெயர் எங்கும் இருக்காது. இந்த இடைவெளியை நிரப்பத்தான் 'டிராவல் ரூல்' வந்தது.

விதி புதிதல்ல. ஒரு வங்கி இன்னொரு வங்கிக்குப் பணம் அனுப்பும்போது வாடிக்கையாளர் விவரமும் சேர்ந்து போக வேண்டும் என்பது பழைய ஏற்பாடு. கள்ளப்பணத் தடுப்புக்கான சர்வதேச அமைப்பான எஃப்.ஏ.டி.எஃப்., 2019 ஜூனில் அதைக் கிரிப்டோ தளங்களுக்கும் நீட்டித்தது. இந்தியாவில் 2023 மார்ச் 7 அன்று மத்திய நிதி அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கையால், இந்தத் தளங்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் வந்தன. நிதி நுண்ணறிவுப் பிரிவிடம் பதிவு செய்வது கட்டாயமானது. வெளிநாட்டுத் தளங்களுக்கும் விலக்கு இல்லை. பதிவு செய்யாமல் இந்தியர்களுக்குச் சேவை தந்ததாக, உலகின் பெரிய தளமான பைனான்ஸுக்கு 2024 ஜூனில் 18.82 கோடி ரூபாய் அபராதம் விழுந்தது.

சிங்கப்பூரில் 1,500 சிங்கப்பூர் டாலர் வரை பெயரும் கணக்கு எண்ணும் போதும். அதற்கு மேல் போனால் கூடுதல் விவரம் வேண்டும். இந்திய வழிகாட்டுதலில் அப்படி ஒரு வரம்பு இல்லை. சின்னத் தொகைக்கும் விவரம் போயாக வேண்டும்.

'என் பணத்தை எனக்கே அனுப்ப இத்தனை கேள்வியா?'

முருகன் முகவரியை ஒட்டி 'அனுப்பு' பொத்தானை அழுத்தியதும் பணம் கிளம்பிவிடாது. பெறுபவர் நீங்களா, வேறு ஆளா? இந்த முகவரி எந்தத் தளத்துடையது? இல்லை, உங்கள் சொந்த வாலட்டா? சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் முகவரியை மட்டும் பார்த்து அது எந்தத் தளத்துடையது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. தவறான தளத்துக்கு விவரம் போனால், முருகனின் தனிப்பட்ட தகவல் சம்பந்தமில்லாத நிறுவனத்தின் கையில் போய்ச் சேரும். அதனால்தான் அவரிடமே கேட்கிறார்கள்.

பதில் வந்ததும் சிங்கப்பூர் தளம் இந்தியத் தளத்துக்கு மறையாக்கம் செய்த செய்தி ஒன்றை அனுப்பும். இதற்கென்று 'ஐ.வி.எம்.எஸ். 101' என்ற பொது வடிவம் இருக்கிறது. அதில் பெயர்ப் பகுதி ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
"primaryIdentifier": "SELVARAJ",
"secondaryIdentifier": "MURUGAN",
"nameIdentifierType": "LEGL"
```

முதல் வரி குடும்பப் பெயருக்கானது, இரண்டாவது சொந்தப் பெயருக்கானது. மூன்றாவது, இது சட்டப்படியான பெயர் என்று சொல்கிறது. சிக்கல் இங்கேதான். நமக்கு ஏது குடும்பப் பெயர்? செல்வராஜ் என்பது அப்பா பெயர். பாஸ்போர்ட்டில் அது விரிந்து முதல் கட்டத்தில் உட்கார்ந்துவிடுகிறது. ஆதாரிலோ MURUGAN S என்று இனிஷியலோடு நிற்கிறது. இந்தியத் தளத்தின் மென்பொருள் இரண்டையும் ஒப்பிட்டு, 'பொருத்தம் குறைவு' என்று ஒரு ஊழியரின் பார்வைக்குத் தள்ளிவிடும். குடும்பப் பெயர் இல்லாதவருக்கு முதல் வரியை மட்டும் நிரப்பினால் போதும் என்று அந்த வடிவமே அனுமதிக்கிறது. ஆனால் கணக்குத் தொடங்கும் படிவங்கள் பல இரண்டு கட்டத்தையும் நிரப்பச் சொல்லி அடம்பிடிக்கின்றன.

முகவரியிலும் இதே கதை. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 26 அன்று. அதற்கு முன் எடுத்த பாஸ்போர்ட்டில் ரிஷிவந்தியம் விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கும்.

பெயர் பொருந்தினால் இந்தியத் தளம் 'சரி' என்று பதில் தரும், நாணயம் கிளம்பும். பொருந்தாதது முன்கூட்டியே தெரிந்தால் அனுப்புதல் ரத்தாகும், நஷ்டம் இல்லை. நாணயம் வந்த பிறகு தெரிந்தால்தான் தலைவலி. பிளாக்செயினில் போனதைத் திரும்பப் பிடிக்க முடியாது. இந்தியத் தளம் அதைக் கணக்கில் சேர்க்காமல் நிறுத்திவைக்கும். 'டெபாசிட் வந்திருக்கு, ஆனா பேலன்ஸ்ல காட்டலை' என்று புகார் வருவது இப்படித்தான். பிறந்த தேதி ஒன்றாக உள்ள பாஸ்போர்ட்டும் ஆதாரும், சிங்கப்பூர் கணக்கின் முழு விவர அறிக்கையும் கொடுத்தால் இது பெரும்பாலும் தீரும். இரண்டு தளத்திலும் ஒரே ஆவணத்தில் உள்ளபடி பெயரைத் திருத்தி வைத்துக்கொண்டால் இந்தச் சுற்றே தேவையில்லை.

பெயர் சரி, பணம் எங்கிருந்து வந்தது?

டிராவல் ரூல் ஆளைச் சொல்லும், பணத்தின் பூர்வீகத்தைச் சொல்லாது. அதற்குத்தான் பரிவர்த்தனைக் கண்காணிப்பு. வந்த நாணயம் முன்பு எந்தெந்த முகவரிகளைத் தொட்டது என்று மென்பொருள் பின்னோக்கிப் பார்க்கும்.

2024 ஜூலை 18 அன்று வாசிர்எக்ஸ் தளத்திலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் திருடப்பட்டன. திருடியவர்கள் அதில் பெரும்பகுதியை 'டொர்னாடோ கேஷ்' என்ற கலவை இயந்திரத்தில் போட்டார்கள். பலருடைய நாணயங்களை ஒரே குளத்தில் கொட்டி, வேறு முகவரியில் மொண்டு எடுப்பது அதன் வேலை. குளத்துக்குள் தடம் கலைந்துவிடும். ஆனால் வெளியே வந்த நாணயம் குளத்திலிருந்துதான் வந்தது என்பது மறையாது. அதில் ஒரு துளி பல கை மாறி ஒருவர் கணக்குக்கு வந்தாலும் எச்சரிக்கை எழலாம். எத்தனை கை தள்ளி, எத்தனை சதவீதம் என்பதைப் பொறுத்துத் தளம் முடிவெடுக்கும்.

நடத்தையையும் கவனிப்பார்கள். மாதம் 25,000 ரூபாய் வருமானம் என்று எழுதிய கணக்கில் லட்சக்கணக்கில் வந்து, சில நிமிடங்களில் வெளியேறினால் கேள்வி வரும். பதில் திருப்தி தராவிட்டால் 'சந்தேகப் பரிவர்த்தனை அறிக்கை' நிதி நுண்ணறிவுப் பிரிவுக்குப் போகும். அதை வாடிக்கையாளரிடம் சொல்லச் சட்டம் தடை விதிக்கிறது. வாடிக்கையாளர் சேவையில் எத்தனை முறை கேட்டாலும் 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒரே பதில் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கண்ணுக்குத் தப்பும் இடம்

கிராமத்து இளைஞர்கள் அதிகம் அடிபடும் இடம் பி2பி விற்பனை. இதில் தளத்துக்குள்ளேயே நாணயம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாறுகிறது. வேறு தளத்துக்குப் போகாததால் டிராவல் ரூல் செய்தி எதுவும் கிடையாது. ரூபாயோ யு.பி.ஐ. வழியாக வங்கிக் கணக்குக்கு நேராக வருகிறது. நாணயத்தைத் தளம் பார்க்கிறது, ரூபாயை வங்கி பார்க்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர் யாரும் இல்லை.

'சந்தை விலையைவிட ரெண்டு ரூபா கூட தர்றேன்' என்று வருபவர், யாரோ ஒருவரை ஏமாற்றிய பணத்தை அனுப்பலாம். ஏமாந்தவர் 1930 எண்ணில் புகார் செய்தால், காவல்துறை பணம் போன வழியைப் பிடித்துக்கொண்டு வந்து விற்றவரின் வங்கிக் கணக்கை முடக்கும். அப்போது கைகொடுப்பது ஆர்டர் எண்ணும், வாங்கியவருடன் தளத்தில் நடந்த உரையாடலும்தான். தளத்தில் உள்ள பெயரும் பணம் வந்த வங்கிக் கணக்கின் பெயரும் வேறாக இருந்தால், நாணயத்தை விடுவிக்காமல் அந்தத் தொகையைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஆர்டரைத் தளத்திடம் புகார் செய்ய வேண்டும்.