ஆச்சிக்கு எழுதாமல் விட்ட கடிதம்

அன்பிற்குரிய ஆச்சிக்கு,

இவ்விடம் யாவரும் நலம். அவ்விடத்து நலமறிய ஆவல் என்று எழுதப் போன கையை நிறுத்திக்கொண்டோம். தாங்கள் மறைந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன.

கரக்பூரில் சித்திரை வெயில் ஏறிவிட்டது. நேற்றுக் கடைத்தெருவில் காரம் குறைந்த குண்டு மிளகாய் ஒரு கிலோ வாங்கி வந்தோம். ஊசியை எடுத்ததும் திருநெல்வேலி வீட்டு அடுக்களையின் பிற்பகல்கள் கண்முன் வந்தன. பகலுணவு முடிந்து அடுப்பு தணிந்த பின், அண்ணனும் தம்பியுமாக எங்கள் இருவரையும் எதிரே அமர்த்துவீர்கள். ஒவ்வொரு மிளகாயிலும் மூன்று துளை. காம்பைக் கிள்ளக்கூடாது, கிள்ளினால் விதை வெளியேறிவிடும் என்பீர்கள். விரல் எரிந்தால் நல்லெண்ணெய் தடவிவிடுவீர்கள்.

உப்பிட்ட புளித்த கெட்டி மோரில் இரண்டு நாள் ஊறவேண்டும். பின்பு காலையில் மிளகாயை மட்டும் எடுத்துப் பாயில் பரப்பி, மாலையில் அதே மோரில் மீண்டும் இடவேண்டும். மோர் முழுவதும் மிளகாய்க்குள் சென்று பானை வற்றும்வரை இது நடக்கும். அதன் பின்னும் சில நாள் வெறும் காய்ச்சல். பாயைக் காத்துக் காக்கை ஓட்டுவது எங்கள் வேலை. அதை ஒரு தண்டனை என்றே அக்காலத்தில் எண்ணினோம்.

எங்களுக்கு இங்கே ரயில்வேயில் வேலை கிடைத்த முதல் ஆண்டு ஒரு டப்பா நிறைய அனுப்பினீர்கள். ஆடி மாதத்தில் அது பூசணம் பூத்தது. ‘சரியாகக் காயவைக்காமல் அனுப்பிவிட்டீர்கள்’ என்று எழுதினோம். தங்கள் மறுமொழி அஞ்சலட்டையில் வந்தது: ‘பூத்ததை எறிந்துவிடுங்கள். மீதியை வெயிலில் வையுங்கள். ஒடித்தால் ஓசை வரவேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது. சௌக்கியமாயிருங்கள்.’

குற்றம் தங்களுடையதன்று, ஆச்சி. நன்றாகக் காய்ந்த மிளகாய்தான் வந்தது. மழைநாளில் ஈரக்கையை விட்டு எடுத்து, மூடியையும் சரியாக மூடாமல் வைத்தவர்கள் நாங்களே. நாங்களே போட்டு ஒரு முறை பாழாக்கிய பிறகுதான் அது விளங்கியது. அதை எழுதுவதற்குள் தாங்கள் மறைந்த செய்தி வந்துவிட்டது. மோர்மிளகாயைப் பற்றித் தங்களுக்கு நாங்கள் எழுதிய ஒரே கடிதம் அந்தக் குறைதான்.

இங்கே சித்திரை, வைகாசியில் பிற்பகலில் திடீரென்று கால்பைசாகிப் புயல்மழை வரும். ஆகையால் வானம் வடமேற்கே கறுத்ததும் பாயைச் சுருட்டிவிடவேண்டும். இன்று காவலுக்கு எங்கள் பிள்ளைகளை அமர்த்தியிருக்கிறோம். அவர்களும் முகம் சுளிக்கிறார்கள்.

இம்முறை ஓசை வரும்வரை காயவைப்போம். அன்று எழுதாத நன்றியை இன்று எழுதுகிறோம், ஆச்சி, ஏற்றுக்கொள்ளுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் பேரன்மார்