ஒரு புள்ளியில் நிற்கும் முனிவர்கள்

துளசிதாசர் 1574இல் எழுதத் தொடங்கிய ராமசரிதமானஸ், அவதி மொழிக் காவியம். பள்ளியில் படித்த இந்தியோடு அதன் சௌபாயிகளைத் திறந்தால் பெயர்ச்சொற்கள் பழகியவையாக இருக்கும். தடுமாற வைப்பவை விகுதிகள்தான்.

அந்த நடையில் நானே அமைத்த ஒரு தொடர்: 'முனி ராமஹி பந்தஹிம்'. 'பந்தம்', கட்டுவது என்று நினைத்துவிடாதீர்கள். வடமொழி வகரம் இங்கே பகரமாகியிருக்கிறது. இது நம் 'வந்தனம்'. தமிழெழுத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரியும். நாகரியில் கட்டுவதற்கு வேறு தகரம் என்பதால், மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

'ராமஹி'யில் உள்ள 'ஹி' நம் இரண்டாம் வேற்றுமை 'ஐ' போன்றது: ராமனை. வினையின் முடிவில் வருவதோ மூக்கொலியுடன் கூடிய 'ஹிம்'. அது பன்மையைக் காட்டும், சில இடங்களில் மரியாதையையும். 'முனி' என்ற சொல்லில் பன்மைக் குறி ஏதுமில்லை. வினைக்கு மேலுள்ள அந்தப் புள்ளிதான், 'முனிவர்கள் ராமனை வணங்குகிறார்கள்' என்று சொல்கிறது. ஒரு முனிவர் மட்டும் என்றால் 'பந்தஇ'. நானே வணங்கினால் 'பந்தஉம்'.

ஆகவே அடியின் வினையை முதலில் தேடுங்கள். சொல்வரிசை யாப்புக்காக இடம் மாறும். அடிக்கு 16 மாத்திரை நிரம்ப வேண்டுமே.