பிரீமியம் ஏறவில்லை, அப்படியானால் மாறியது என்ன?

திருப்பூரில் வாடகை ஷெட்டில் ஓடும் ஒரு சின்ன பனியன் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். அதன் தீ விபத்து பாலிசி மார்ச் 31 நள்ளிரவோடு முடிகிறது. மாதத் தொடக்கத்திலேயே புரோக்கரிடமிருந்து புதுப்பிப்புக் கடிதம் வந்துவிடுகிறது. முதலாளி பிரீமியத் தொகையை மட்டும் பார்க்கிறார். போன வருஷத்துத் தொகைதான். கடிதம் மேஜை டிராயருக்குள் போய்விடுகிறது.

பிரீமியம் ஏறாததற்குக் காரணம் அதே கடிதத்தின் அடுத்த பத்தியில் இருக்கலாம். ஒவ்வொரு கிளெய்மிலும் முதலாளி தன் கையிலிருந்து ஏற்கவேண்டிய பங்குக்கு 'எக்ஸஸ்' என்று பெயர். அது போன வருஷம் வெறும் 10,000 ரூபாய், இந்த வருஷம் இழப்பில் 5 சதவீதம் என்று மாறியிருந்தால், 20 லட்சம் இழப்பில் 1 லட்சம் அவருடையது.

அதைவிடப் பெரிய ஓட்டை காப்பீட்டுத் தொகையில். ஒரே இடத்தில் 5 கோடி வரை மதிப்புள்ள தொழில்களுக்கு 2021 ஏப்ரல் முதல் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற பொதுவான பாலிசி இருக்கிறது. சரக்கின் உண்மை மதிப்பைவிடக் காப்பீடு 15 சதவீதம் வரை குறைந்திருந்தால் அதில் கண்டுகொள்ள மாட்டார்கள். அதைத் தாண்டினால் இழப்பீட்டையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். நூலும் துணியுமாக 80 லட்சத்துக்குச் சரக்கு, பாலிசியில் பழைய 60 லட்சம். 20 லட்சத்துக்கு எரிந்துபோனால் கணக்கில் வருவது 15 லட்சம். எக்ஸஸ் அதிலும் கழியும். 70 லட்சம் என்று எழுதியிருந்தால் இந்த வெட்டே இல்லை.

புரோக்கர் கேட்கும் காகிதங்கள் இதற்காகத்தான். வங்கிக்கு மாதாமாதம் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் முக்கியம். விபத்துக்குப் பிறகு சர்வேயர் கேட்பதும் அதைத்தான். வங்கியில் 80 லட்சம், பாலிசியில் 60 லட்சம் என்றால் பதில் சொல்வது கஷ்டம். மெஷின் பட்டியல், பில்கள், கடன் கொடுத்த வங்கியின் பெயர் ஆகியவையும் வேண்டும். நடுவில் கூரையில் சோலார் போட்டிருந்தாலோ, புதிதாகப் பிரிண்டிங் தொடங்கியிருந்தாலோ கேட்கும்வரை காத்திருக்காமல் சொல்லிவிட வேண்டும். இவற்றை இரண்டு மூன்று வாரம் முன்பே கொடுத்தால்தான் புரோக்கரால் வேறு கம்பெனிகளிடமும் விலை கேட்கமுடியும். கடைசி நாளில் கொடுத்தால் பழைய கம்பெனி சொன்னதுதான் விலை.

தீ விபத்து பாலிசிக்குச் சலுகை நாள் கிடையாது. பணம் வராமல் பொறுப்பேற்கக்கூடாது என்று 1938 காப்பீட்டுச் சட்டத்தின் 64விபி பிரிவு சொல்கிறது. ஏப்ரல் 1 மதியம் கட்டினால் அன்று காலையில் பிடித்த தீக்குக் காப்பீடு இல்லை. கொடுத்த செக் திரும்பினாலும் இதே கதிதான். கடைசி வாரத்தில் வங்கிப் பரிமாற்றமே மேல்.

புதிய பாலிசி வந்ததும் முகவரியைப் படித்துப் பாருங்கள். பின் தெருவில் வாடகைக்கு எடுத்த குடோன் அதில் இல்லையென்றால், அங்கே அடுக்கிய சரக்கு எரிந்தால் கிளெய்ம் கிடைக்காது.