கணினியில் மைனஸ் முப்பது, டிராயரில் 170

“ஒரு மாத்திரைக்கு நாலு குடுங்க” என்று கேட்டு வருபவருக்காக, மருந்துக்கடைக்காரர் அட்டையைக் கத்தரிக்கிறார். வாங்குவது பெட்டியில், அடுக்குவது அட்டையில், விற்பது உதிரியில். இந்த மூன்றையும் இணைக்கும் எண் ஒன்று பிசகினால், இருப்புக் கணக்கு மொத்தமும் பிசகிவிடும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். பத்து மாத்திரை அட்டையாக வந்துகொண்டிருந்த மருந்து, தீர்ந்தபின் பதினைந்து மாத்திரை அட்டையாக வருகிறது. பெயரும் பெட்டியும் பழையபடியே. கடையில் 4 பெட்டி இறங்குகிறது. பெட்டிக்கு 10 அட்டை. உண்மையில் வந்தது 600 மாத்திரை. பில்லிங் மென்பொருளில் ‘ஓர் அட்டை = 10’ என்றே இருப்பதால் 400தான் வரவாகிறது. 430 விற்றதும் திரையில் மைனஸ் 30. டிராயரிலோ பதினோரு முழு அட்டையும் ஐந்து உதிரியும், ஆக 170.

வித்தியாசம் 200. வந்தவை 40 அட்டை, அட்டைக்கு ஐந்து விடுபட்டிருக்கிறது. நாற்பதை ஐந்தால் பெருக்கினால் அதே 200. திருட்டோ, பில் போட மறந்ததோ இப்படிக் கச்சிதமாக வகுபடுவது அரிது. எனவே வித்தியாசம் வந்தால், வாங்கிய அட்டைகளின் எண்ணிக்கையால் அதை முதலில் வகுத்துப் பார்க்கலாம்.

விலையும் கெடும். அட்டையின் எம்ஆர்பி 45 ரூபாய் என்றால் ஒரு மாத்திரை 3 ரூபாய். கணினி பத்தால் வகுத்து 4.50 என்று பில் போடும். உதிரி விற்றாலும் விகித விலையைத் தாண்டக்கூடாது என்கிறது மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை.

பதினைந்திலிருந்து பத்துக்குக் குறைந்தால் இன்னும் சிக்கல். அப்போது மைனஸ் வராது. திரையில் சரக்கு இருக்கும், டிராயர் காலியாகியிருக்கும். ஆர்டர் போடும் நினைப்பே வராது.

திருத்தும்போதும் ஒரு குழி உண்டு. மருந்தின் பொது விவரத்தில் பத்தைப் பதினைந்தாக மாற்றினால், சில மென்பொருள்களில் பழைய இருப்பும் ஊதிவிடும். மிச்சமிருந்த மூன்று பழைய அட்டைகள் 30லிருந்து 45 ஆகிவிடும். அட்டை அளவு மாறிய சரக்கைத் தனிப் பொருளாகவோ, தனி அளவுள்ள பேட்ச்சாகவோ ஏற்றுவதே பாதுகாப்பு. இருப்பை எப்போதும் மாத்திரையிலேயே வைக்கவேண்டும். பெட்டியும் அட்டையும் அதன் மடங்குகள். பத்து அட்டைக்கு ஒன்று இலவசமென்றால், பணம் பத்துக்கு, வரவு பதினொன்றுக்கு.

மொத்த வியாபாரியின் பில்லில் மருந்துப் பெயரை ஒட்டி ‘பேக்’ என்றொரு பத்தி இருக்கும். சரக்கை இறக்கும்போது அதையும் கையிலுள்ள ஓர் அட்டையின் குமிழ்களையும் ஒப்பிட்டு எண்ணிவிட்டால், மாதக் கடைசியில் டிராயரைக் கொட்டி எண்ண வேண்டியிருக்காது.