வீடு இடிந்தால் நட்டம் யாருக்கு?

2024 டிசம்பர் முதல் நாள். ஃபெஞ்சல் புயலில், திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் மட்டும் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டம் வெள்ளக்காடானது. வங்கிக் கடனில் வாங்கிய வீடு அப்படியொரு வெள்ளத்தில் இடிந்தால், காப்பீடு இல்லாதவருக்கு வீடும் இல்லை, தவணையும் நிற்காது. வட்டியை இஸ்லாம் விலக்குவதன் காரணம் இங்கேதான் விளங்குகிறது.

குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் வணிகத்தை அனுமதிக்கிறது, வட்டியைத் தடுக்கிறது. கொடுத்த அசலைக் கேட்கலாம். வாங்கியவர் நெருக்கடியில் இருந்தால் அவகாசம் தரவேண்டும். காத்திருந்ததற்காகக் கூடுதல் கேட்கக்கூடாது. லாபம் வேண்டுவோர் நட்டத்திலும் பங்கேற்க வேண்டும் என்று மார்க்க அறிஞர்கள் இதை விளக்குகிறார்கள்.

அப்படியானால் வீடு வாங்குவது எப்படி? மலேசியாவிலும் பிரிட்டனிலும் உள்ள ஒரு வழியைத் திண்டிவனத்து வீடு ஒன்றுக்குப் பொருத்திப் பார்ப்போம். விலை 30 லட்சம் ரூபாய். குடும்பம் 10 லட்சமும் வங்கி 20 லட்சமும் போட்டுக் கூட்டாக வாங்குகின்றன. வீட்டு வாடகை மாதம் 9,000 என்றால், வங்கியின் பங்குக்கு 6,000 கொடுத்துக் குடும்பம் குடியிருக்கும். ஆண்டுக்கு 2 லட்சம் கொடுத்து வங்கியின் பங்கைச் சிறிது சிறிதாக வாங்கும். ஓராண்டு முடிந்ததும் வங்கியின் பங்கு 18 லட்சம், அதற்கான வாடகை 5,400. பத்தாண்டில் வீடு முழுதும் குடும்பத்துக்கு. நடுவில் வெள்ளம் வீட்டை இடித்தால், தன் பங்கின் அளவுக்கு வங்கியும் நட்டம் ஏற்கும்.

இந்தியாவில் இதற்குச் சட்டம் இடம் தருவதில்லை. 1949-ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டம், வங்கி சரக்கு வாங்கி விற்பதைத் தடுக்கிறது. தன் பயன்பாட்டுக்கு அல்லாத அசையாச் சொத்தை ஏழாண்டுக்கு மேல் வைத்திருக்கவும் பொதுவாக விடுவதில்லை. வட்டியில்லா வங்கிச் சேவையை 2008-இல் ரகுராம் ராஜன் குழு பரிந்துரைத்தது. 2017-இல் ரிசர்வ் வங்கி அந்த யோசனையைக் கைவிட்டது. தனியார் ஒருவரோடு கூட்டாக வாங்கினாலும், அவருடைய 20 லட்சம் பங்கைப் பின்னர் எழுதி வாங்கும்போது முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் என்று தமிழ்நாட்டில் சுமார் 9 சதவீதம், அதாவது ஏறத்தாழ 1,80,000 ரூபாய், மறுபடி செலவாகும். பிரிட்டன் இந்த இரட்டை வரியை 2003-இல் நீக்கியது.

அதனால் பலர் உறவினரிடம் கைமாற்று வாங்குகிறார்கள், அல்லது மனை விற்பவரிடமே தவணை பேசுகிறார்கள். ரொக்க விலையைவிடத் தவணை விலை கூடுதலாக இருக்கலாம், ஏனெனில் அது விற்பனை. ஆனால் தவணை தாமதமானால் விலை ஏறக்கூடாது. வேறு வழியின்றி வங்கிக் கடன் வாங்குவோரும் உண்டு. அந்த நிர்ப்பந்தத்தின் எல்லை எது என்பதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது.

சேமிப்பை வட்டியில்லாத நடப்புக் கணக்கில் சிலர் வைக்கிறார்கள். சேமிப்புக் கணக்கில் விழும் வட்டியை, நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடச் சொல்கிறார்கள் பல ஆலிம்கள். மது, வட்டித் தொழில்களை ஒதுக்கிய பங்குகளில் மட்டும் முதலிடும் பரஸ்பர நிதிகளும் உண்டு. அவற்றில் லாபத்துக்கு உறுதி கிடையாது.

ஹலால் முதலீடு என்று பணம் திரட்டிய பெங்களூரு ஐ.எம்.ஏ. நிறுவனம் 2019-இல் முடங்கி, ஆயிரக்கணக்கானோர் பணத்தை இழந்தனர். ஆகவே எந்தத் திட்டத்திலும் கையெழுத்துப் போடுமுன், நட்டம் வந்தால் யார் ஏற்பது என்று கேளுங்கள். மாதாமாதம் லாபம் நிச்சயம் என்பதே பதிலானால், பெயர் எதுவானாலும் அதில் பணம் போடாதீர்கள்.