குதிரை உதையும் அடுத்த ஆண்டும்

பிரஷ்யப் படையில் குதிரை உதைத்து இறந்தவர்களின் கணக்கை போர்ட்கீவிச் 1898இல் வெளியிட்டார். அதில் 10 படைப்பிரிவுகள், 20 ஆண்டுகள். ஆக 200 பதிவுகள், 122 சாவுகள். இத்தகைய அரிய நிகழ்வுகளின் எண்ணிக்கைக்கு பாய்சான் பரவல் பொருந்தும். ஆனால் அதன் சராசரி வீதம் நமக்குத் தெரியாதே!

முன்கூட்டிய ஊகத்தை காமா பரவலாக வைக்கலாம். ‘2 பதிவில் 2 சாவு’ பார்த்ததுபோல் ஓர் ஊகம் என்று கொள்வோம். பிறகு வேலை வெறும் கூட்டல்தான்: சாவுகள் 2+122=124, பதிவுகள் 2+200=202. இதுவும் காமாதான், புதிய சராசரி 124/202, சுமார் 0.61.

ஒரு பிரிவில் அடுத்த ஆண்டு சாவே நேராதிருக்க வாய்ப்பு? (202/203)^124, அதாவது சுமார் 54%. உண்மையில் 200இல் 109 பதிவுகளில் சாவு இல்லை.

ஊகத்தின் பயன் தரவு குறைவாக இருக்கும்போதுதான் தெரியும். ஒரே ஓர் ஆண்டைப் பார்த்து, சாவு இல்லை என்றால், வெறும் சராசரி ‘இனி யாரும் சாகமாட்டார்’ என்று சொல்லிவிடும். நம் கணக்கோ 2/3 என்கிறது.

எல்லாப் பிரிவுக்கும் வீதம் ஒன்றே என்பது இதன் நிபந்தனை. எண்ணிக்கைகளின் மாறுபாட்டளவு சராசரியைவிட வெகுவாக மிஞ்சினால் அது உடைந்துவிட்டது என்று பொருள். இங்கே இரண்டும் 0.61, அமைப்பில் வேறுபட்ட 4 பிரிவுகளை முன்பே ஒதுக்கிவிட்டார்கள்.