வெள்ளைக்கு மூன்று காரணங்கள்

கருவைக் கருப்பையில் வைத்து எட்டு நாளாகிறது. உள்ளாடையில் திட்டுத்திட்டாக வெள்ளை. முப்பத்திரண்டு வயதுப் பெண் ஒருவர் இதைப் பார்த்துப் பதறி, மருந்துக்கடையில் பூஞ்சைக்கான மாத்திரை வாங்கி உள்ளே வைத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று நாள் கழித்தும் குறையவில்லை. குறையாததற்குக் காரணம் உண்டு: அது பூஞ்சையே அல்ல.

ஐ.வி.எஃப். சிகிச்சையில் இருப்பவர்களுக்கு வெள்ளை படுவதற்கு மூன்று காரணங்கள் பொதுவானவை. முதலாவது, மருந்தே. கருவைத் தாங்க வைக்கும் புரோஜெஸ்டிரோன் மாத்திரைகள் பல, கொழுப்பில் செய்தவை. உடல் சூட்டில் அது உருகி, வெள்ளையாக வெளியே வரும். இதில் அரிப்போ நாற்றமோ இருக்காது. மருந்து வீணாகிறதே என்று பயந்து நிறுத்திவிடக் கூடாது. தேவையானதை உடல் முன்பே உறிஞ்சியிருக்கும்.

இரண்டாவது, பூஞ்சைத் தொற்று. தயிர்க்கட்டி போன்ற வெள்ளையோடு அரிப்பும் எரிச்சலும் இருக்கும். நாற்றம் பெரும்பாலும் இருக்காது. சிகிச்சைக்குக் கொடுக்கும் ஈஸ்ட்ரோஜனும், ஆன்டிபயாடிக்கும், கட்டுப்படாத சர்க்கரை நோயும் இதற்கு இடம்கொடுக்கும்.

மூன்றாவது, பாக்டீரியல் வஜைனோசிஸ். பிறப்புறுப்பைப் புளிப்பாக வைத்துக் காக்கும் லாக்டோபேசில்லஸ் கிருமிகள் குறைந்து, வேறு கிருமிகள் பெருகிவிடும் நிலை இது. வெளிப்படுவது நீர்த்துச் சாம்பல் நிறமாக இருக்கும். மீன் நாற்றம் வீசும். விந்து காரத்தன்மை உடையது என்பதால், உடலுறவுக்குப் பிறகு நாற்றம் கூடும்.

நம் பெண்ணுக்கு நாற்றம் இருந்தது, அரிப்பு இல்லை. மருத்துவர் பி.எச். தாளில் சோதித்தார், 5 காட்டியது. 4.5-க்கு மேல் போனால் பாக்டீரியல் வஜைனோசிஸ் சந்தேகம் வரும். பூஞ்சையில் பெரும்பாலும் அது இயல்பாகவே இருக்கும். இரத்தமும் விந்தும்கூட அளவை உயர்த்தும் என்பதால் தாளை மட்டும் நம்பாமல் நுண்ணோக்கியிலும் பார்த்தார். கிருமிகள் அப்பிய செல்கள் தெரிந்தன. மெட்ரோனிடசோல் 500 மி.கி., தினம் இரண்டு வேளை, ஏழு நாள் என்று எழுதிக்கொடுத்தார். கர்ப்பத்திலும் இதைக் கொடுப்பதுண்டு. பூஞ்சையாக இருந்திருந்தால், கர்ப்ப நேரத்தில் வாயால் விழுங்கும் ஃப்ளூகோனசோலைத் தவிர்த்து, குளோட்ரிமசோலை ஏழு நாள் உள்ளே வைக்கச் சொல்லியிருப்பார்.

பாக்டீரியல் வஜைனோசிஸ் குணமான பிறகும் பலருக்குத் திரும்ப வரும். அப்போது பெண்ணை மட்டும் பார்த்தால் போதாது. 2025-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், பெண்ணுக்கு மட்டும் மருந்து தந்த தம்பதிகளில் 12 வாரத்துக்குள் 63 விழுக்காட்டினருக்குத் திரும்ப வந்தது. கணவருக்கும் மாத்திரையும் களிம்பும் தந்தபோது அது 35 விழுக்காடாகக் குறைந்தது. மீண்டும் மீண்டும் வருபவர்கள் இதை மருத்துவரிடம் கேட்கலாம்.

உள்ளே தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதும் சோப்பு போடுவதும் காக்கும் கிருமிகளைத்தான் விரட்டும். மருந்துக்கடைக்குப் போகும் முன், நாற்றம் உண்டா, அரிப்பு உண்டா, எப்போது கூடுகிறது என்று குறித்துக்கொண்டு சிகிச்சை தரும் மருத்துவரிடம் சொல்லுங்கள். எந்த மருந்து என்பதை அந்தப் பதில்களும் பரிசோதனையும் தீர்மானிக்கட்டும்.